7. பட்டறைப் பெயரும் பட்டியல் பெயரும்

திருச்சியைச் சுற்றியுள்ள பாய்லர் பட்டறைகளில் வேலை கேட்டு வரும் வெல்டரிடம் முதலில் கேட்பது, "ஆர்கான் அடிப்பீங்களா?" என்பதுதான். அது என்ன வேலை என்பதில் கேட்பவருக்கும் சந்தேகம் இருக்காது, பதில் சொல்பவருக்கும் இருக்காது. அதே ‘ஆர்கான் வெல்டிங்’ பயோடேட்டாவில் ஏறி ஒரு வேலைவாய்ப்புத் தளத்துக்குப் போகிறது என்று வையுங்கள். அந்தத் தளத்தின் மென்பொருள் அதை டிக் வெல்டிங் என்று சரியாகப் பிடிக்கலாம். வெறும் ‘வெல்டிங்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆர்கான் வாயுவைக் கையாளும் வேலை என்று தப்பாக நினைக்கலாம். ஒன்றும் புரியாமல் விட்டும்விடலாம்.

இந்த அத்தியாயம் வேலை தேடுபவருக்காகவும், அவருக்குப் பயோடேட்டா எழுதிக் கொடுப்பவருக்காகவும் எழுதியது. உங்கள் தொழிலில் புழங்கும் பெயர்களில் எது மென்பொருளுக்குப் பிடிபடும், எது தவறும் என்று நீங்களே சோதித்து, தவறுவதைத் திருத்தி எழுதுவதுதான் இங்கே நடக்கப்போகும் வேலை. வெல்டிங்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே திறனுக்கு ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு வேறு பெயர் இருப்பது இந்தத் தொழிலில் நன்றாகத் தெரியும்.

### மென்பொருள் எப்படி இணைக்கிறது

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு கொஞ்சம்தான். வேலைவாய்ப்புத் தளங்களுக்குப் பின்னால் ஒரு திறன் வகைப்பாடு இருக்கும். ஐரோப்பிய ஆணையம் நடத்தும் எஸ்கோ அப்படி ஒன்று. முழுப் பதிப்பாக 2017-இல் வந்தது. 2022-இலும் 2024-இலும் புதுப்பிக்கப்பட்டது. சுமார் 3,000 தொழில்களும் 14,000 திறன்களும் அதில் இருக்கின்றன. ஐரோப்பியர்கள் பயோடேட்டா தயாரிக்கும் யூரோபாஸ் தளமும், யூரெஸ் வேலைவாய்ப்பு வலையமைப்பும் அதைப் பயன்படுத்துகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம் என்பதால் நம் சோதனைக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

இத்தகைய வகைப்பாட்டில் ஒரு திறன் என்பது ஒரு பெயர் அல்ல, ஒரு பதிவு. அதற்கென்று ஓர் அடையாள எண் உண்டு. அதன் கீழ் ஒரு முதன்மைப் பெயரும் பல மாற்றுப் பெயர்களும் தொங்கும். மேலே அதைவிடப் பொதுவான திறன் இருக்கும். பதிவின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும். வடிவத்தைக் காட்டுவதற்காக நான் எழுதியது, எந்தப் பட்டியலிலிருந்தும் அப்படியே எடுத்ததல்ல:

```
prefLabel : TIG welding
altLabel  : GTAW
altLabel  : tungsten inert gas welding
broader   : arc welding
```

நிறுவனம் `GTAW` தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்கிறது. நீங்கள் `TIG` என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இரண்டிலும் ஒத்துப்போகும் சொல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பெயரும் ஒரே பதிவில் தொங்குவதால் மென்பொருள் இருவரையும் சேர்த்துவைக்கிறது.

இணைப்பு மூன்று திசைகளில் போகும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலாவது, ஒரே பதிவுக்குள் பெயரிலிருந்து பெயருக்கு. இது முழுப் பொருத்தம். இரண்டாவது, கீழிருந்து மேலே: டிக் தெரிந்தவருக்கு ஆர்க் முறை வெல்டிங்கில் ஒன்று தெரியும் என்று மென்பொருள் தைரியமாகச் சொல்லலாம். மேலிருந்து கீழே வருவதுதான் ஆபத்து. ‘வெல்டிங் தெரியும்’ என்று மட்டும் எழுதியவருக்கு டிக் தெரியும் என்று நல்ல மென்பொருள் முடிவுகட்டாது, முடிவுகட்டவும் கூடாது. மூன்றாவது, பக்கவாட்டில்: டிக்கும் மிக்கும் ஒரே தாய்த் திறனின் பிள்ளைகள் என்பதால் ஒன்று தெரிந்தவருக்கு மற்றதற்கான வேலையில் குறைந்த மதிப்பெண் போட்டு, பட்டியலின் கீழ்ப்பகுதியில் காட்டும். ஒரே தொழிலுக்குத் தேவையான திறன்கள் என்ற வகையிலும் பக்கவாட்டு இணைப்பு உண்டு. வெல்டர் என்ற தொழிலோடு வரைபடம் படிக்கும் திறனும் சேர்ந்தே நிற்பது அப்படித்தான்.

இந்த மூன்று வழிகளுக்கும் நுழைவாயில் ஒன்றே. நீங்கள் எழுதிய சொல் முதலில் ஏதாவது ஒரு பதிவில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டாத சொல்லுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, பக்கமும் இல்லை.

### ஏன் ஒட்டாமல் போகிறது

முதல் காரணம், அந்தப் பெயரைப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. மாற்றுப் பெயர்கள், பட்டியலைத் தொகுப்பவர்கள் எங்கே காதுகொடுத்தார்களோ அங்கிருந்து வருகின்றன. எஸ்கோ 28 மொழிகளில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 மொழிகளோடு ஐஸ்லாந்து, நார்வே, உக்ரைன், அரபு மொழிகளும் உண்டு. தமிழ் இல்லை. நம் பட்டறைகளில் புழங்கும் ஆங்கிலமும் ஐரோப்பியர் எழுதும் ஆங்கிலம் அல்ல. விளம்பரங்களைப் படித்துத் தொகுக்கப்படும் பட்டியல்களிலும் இதே கதைதான். நம் பட்டறைகள் ஆள் தேவை என்று விளம்பரம் எழுதுவதைவிட, தெரிந்த மேஸ்திரியிடம் சொல்லி அனுப்புவதே அதிகம். எழுத்தில் வராத பெயர் பட்டியலுக்கும் வராது.

இரண்டாவது காரணம், ஒரே பெயருக்கு இரண்டு பொருள். ஆர்கான் வாயு டிக் வெல்டிங்கில் மட்டும் பயன்படுவதில்லை. அலுமினியத்தை மிக் முறையில் ஒட்டும்போதும் அதே வாயுதான். அதனால் ‘ஆர்கான் வெல்டிங்’ என்பதை டிக்கின் மாற்றுப் பெயராகச் சேர்க்கத் தொகுப்பாளர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு. தவறான இணைப்பைவிட இணைப்பே இல்லாதது மேல் என்று அவர் நினைக்கிறார்.

சுருக்கெழுத்துகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். கீழே தருபவை வெல்டர்களின் பயோடேட்டாவில் சர்வசாதாரணமாக வரும் எழுத்துகள். `6G` என்றால் வெல்டருக்கு, 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி வந்து ஒட்டும் தேர்வு நிலை. மென்பொருளுக்கு அது அடுத்த தலைமுறைக் கைபேசி வலையமைப்பாகத் தெரியலாம். `CS` உங்களுக்குக் கார்பன் ஸ்டீல், அதற்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். `MS` உங்களுக்கு மைல்ட் ஸ்டீல், அதற்கு மைக்ரோசாஃப்ட் அல்லது முதுநிலைப் பட்டம். சமையல், தையல் துறைகளில் ‘மாஸ்டர்’ என்ற சொல்லும் முதுநிலைப் பட்டம் என்று படிக்கப்படும் அபாயத்தில் இருக்கிறது.

மூன்றாவது காரணம், பட்டறை அளவுக்குப் பட்டியல் நுணுக்கமாகப் போவதில்லை. குழாயில் முதல் ஓட்டம் போடுவதை ‘ரூட்’ என்கிறோம். பிறகு நிரப்புவது, கடைசியில் ‘கேப்’ போடுவது. ரூட் போடத் தெரிந்தவருக்குக் கூலியே தனி. ஆனால் பல வகைப்பாடுகளில் இந்தப் பிரிவு கிடையாது. எல்லாம் ஒரே பதிவுக்குள் அடங்கிவிடும். இங்கே மென்பொருளை நம்பாதீர்கள். பயோடேட்டாவைத் திறந்து படிக்கும் மனிதருக்காக எழுதுங்கள்.

புதிய மென்பொருள்கள் பெயரை மட்டும் தேடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சொல் எந்தச் சொற்களின் அருகில் வழக்கமாக வருகிறது என்பதை எண்களாக மாற்றிவைத்து, நெருக்கமான எண்கள் கொண்டவற்றை ஒன்றாகக் கருதும் முறை பரவிவிட்டது. `argon welding` இதில் தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஆர்கானும் டிக்கும் எத்தனையோ பக்கங்களில் சேர்ந்தே வருகின்றன. அரிதாக எழுதப்படும் சொல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதைப் பற்றிய எழுத்து குறைவு, அதனால் அதன் எண்களும் நம்பத்தக்கவையல்ல. நெருக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மென்பொருள் அந்தச் சொல்லை ஓசையில்லாமல் விட்டுவிடும். உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

### செய்முறை

1. முதலில் எழுத்து வெளியே வருகிறதா பாருங்கள். பயோடேட்டா கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். மென்பொருள் பார்ப்பது ஏறத்தாழ இதைத்தான். படமாகச் செருகிய திறன் பட்டியல் இங்கே வராது. இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்கம் வரி மாறி ஒட்டிக்கொள்ளலாம். தமிழில் எழுதியிருந்தால் கூடுதல் கவனம் தேவை: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ‘அம்மா’, நோட்பேடில் `mk;kh` என்றுதான் வரும். அப்படி வந்தால் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. பட்டறைப் பெயர்களைப் பட்டியலிடுங்கள். நீங்கள் செய்யும் வேலைகளை, வேலையிடத்தில் சொல்வதுபோலவே ஒரு தாளில் எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். ஆர்கான், ஆர்க், சி.ஓ.டூ, ரூட், 6G என்று அப்படியே வரட்டும்.

3. ஒவ்வொன்றுக்கும் ‘எதை வைத்து, எதை, எப்படி’ என்று ஒரு வரி எழுதுங்கள். ஆர்கான்: உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி, ஆர்கான் வாயு சூழ, தனிக் கம்பி கொடுத்துக் குழாயை ஒட்டுவது. இந்த வரிதான் சரியான பதிவை அடையாளம் காட்டும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பக்கத்துப் பதிவில் போய் நிற்பீர்கள்.

4. பட்டியலில் தேடுங்கள். `esco.ec.europa.eu` தளத்தில் திறன்கள் பகுதிக்குப் போய், ஆங்கிலத்தில் முதலில் பட்டறைப் பெயரையும் பிறகு அதன் கருவி, பொருள், செயல் ஆகிய சொற்களையும் இட்டுப் பாருங்கள். முதல் முடிவை நம்பிவிடாமல் இரண்டு மூன்றைத் திறந்து படியுங்கள்.

5. விளக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பதிவிலும் விளக்கமும், மாற்றுப் பெயர்களும், மேலுள்ள பொதுத் திறனும், அந்தத் திறன் எந்தெந்தத் தொழில்களுக்கு அவசியம் என்பதும் இருக்கும். விளக்கம் உங்கள் மூன்றாம் படி வரியோடு ஒத்துப்போனால் அதுதான் உங்கள் பதிவு. அதன் முதன்மைப் பெயரையும், உங்கள் நாட்டு வழக்குக்கு நெருக்கமான ஒரு மாற்றுப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. போகும் நாட்டின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் மொழியை மாற்றினால் அதே திறனின் ஜெர்மன் பெயரோ பிரெஞ்சுப் பெயரோ தெரியும். ஜெர்மனியில் டிக் வெல்டிங்கின் பெயர் `WIG-Schweißen`. டங்ஸ்டனுக்கு அவர்கள் சொல்வது வொல்ஃப்ராம் என்பதால் முதல் எழுத்தே மாறிவிடுகிறது.

7. இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். பட்டியல் பெயர் முதலில், பட்டறைப் பெயர் பின்னால். பட்டறைப் பெயரை நீக்க வேண்டாம். உள்ளூர் நிறுவனங்கள் அதைத்தான் தேடும்.

குறிப்பு: வெல்டிங்குக்குப் பெயரைவிட உறுதியான அடையாளம் எண். ஐ.எஸ்.ஓ. 4063 தரநிலை ஒவ்வொரு முறைக்கும் எண் கொடுத்திருக்கிறது. கம்பி கொடுத்து அடிக்கும் டிக் 141. கம்பி இல்லாமல் உருக்கி ஒட்டினால் 142. குச்சி வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங் 111. எந்த நாட்டிலும் இந்த எண் மாறாது. உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு தரநிலை எண் உண்டா என்று விசாரியுங்கள்.

### ஓர் உதாரணம்

பாய்லர் பட்டறையில் எட்டு வருடம் வேலை செய்த ஒருவரின் பயோடேட்டா இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
Argon + Arc welder, 8 yrs. 6G. CS, AS, SS.
Root argon, balance arc. Boiler work.
```

பட்டறை முதலாளி இதைப் பார்த்தால் இன்னொரு வரி தேவையில்லை. மென்பொருளின் கண்ணால் பார்ப்போம். `Arc welder` பிடிபடும். `Argon` நிச்சயமில்லை. `6G` தவறான துறைக்குப் போகலாம். `CS` கம்ப்யூட்டர் பக்கம் இழுக்கும். `AS`, `SS` இரண்டும் வெறும் எழுத்துகள். `Root` என்பதும் அந்த மென்பொருளுக்குக் கணினித் துறைச் சொல்லாகப் படலாம். ஆக, எட்டு வருட அனுபவமும் ஒரே ஒரு பொதுத் திறனாகச் சுருங்கிவிடுகிறது. டிக் வெல்டரைத் தேடும் நிறுவனத்துக்கு, மேலிருந்து கீழே இறங்காத விதியால், இவர் பெயர் முதல் பக்கத்தில் வராது.

படிகளைக் கடந்தபின் அதே தகவல் இப்படி மாறும்:

```
TIG welding (GTAW, argon welding), process 141
Manual metal arc welding (SMAW), process 111
Pipe welding in 6G position (H-L045)
Materials: carbon steel, alloy steel, stainless steel
Boiler tubes: root pass by TIG, fill and cap by SMAW
```

முதல் வரியில் உலகப் பெயரும், அமெரிக்கப் பெயரும், நம் பெயரும், எண்ணும் இருக்கின்றன. எது பட்டியலில் இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வரியில் `6G`-க்கு முன்னால் `Pipe welding` நிற்பதால், சூழலைப் பார்க்கும் மென்பொருள் அதைக் கைபேசியோடு குழப்பாது. கூடவே ஐரோப்பியச் சான்றிதழ்களில் அதே நிலைக்கு எழுதும் `H-L045` குறியீடும் வந்துவிட்டது. உலோகங்களின் பெயர் விரித்து எழுதப்பட்டுவிட்டது. கடைசி வரியின் நுணுக்கத்தை மென்பொருள் கண்டுகொள்ளாமல் போகலாம், ஆனால் ஆள் எடுக்கும் பொறியாளர் முதலில் படிக்கப்போவது அதைத்தான். ஜெர்மனிக்கு அனுப்பும் பிரதியில் முதல் இரண்டு வரிகளோடு `WIG-Schweißen`, `Lichtbogenhandschweißen` இரண்டையும் சேர்க்க வேண்டும்.

இதே பட்டறையில் சி.ஓ.டூ வெல்டிங் செய்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம்மூரில் அதை மிக் வெல்டிங் என்றே சொல்வோம், எழுதுவோம். கார்பன் டை ஆக்சைடு செயலற்ற வாயு அல்ல. உருகிய இரும்போடு வினைபுரியும். அதனால் ஐரோப்பியக் கணக்கில் அது மேக் வெல்டிங், எண் 135. மிக் என்றால் எண் 131, வேறு வேலை. ‘மிக்’ என்று மட்டும் எழுதினால் மென்பொருள் குழம்பாது. மிக உறுதியாகத் தவறான பதிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தவறிப்போன பெயரைவிட இப்படித் தவறாக ஒட்டிய பெயரைக் கண்டுபிடிப்பது கடினம். ஐந்தாம் படியில் விளக்கத்தைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். `MAG welding (CO2 welding, GMAW), process 135` என்று எழுதினால் தீர்ந்தது.

### பட்டியலில் இல்லவே இல்லாத திறன்

ஆர்கானுக்கு வேறொரு பெயரிலாவது பதிவு இருந்தது. சில திறன்களுக்கு எந்தப் பெயரிலும் தனிப் பதிவு இருக்காது. காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்க, இரண்டின் ஊடையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணையும்படி மூன்று நாடாக்களை ஓட்டி நெய்வதைக் கோர்வை என்பார்கள். பழைய முறைத் தறியில் நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளித் தர வேண்டும். `korvai` என்று எழுதினால் ஐரோப்பியப் பட்டியலில் ஒட்டுவதற்கு இடமில்லை. ‘நெசவு’ என்று மட்டும் எழுதினால் ஒட்டும், ஆனால் விசைத்தறி ஓட்டுபவரோடு சேர்ந்து நிற்பீர்கள்.

இதற்கு வழி, மேலே இருக்கும் பதிவுகளில் மிக நெருக்கமானதைப் பிடித்துக்கொண்டு, உள்ளூர்ப் பெயரையும் ஒரு விளக்கத்தையும் அதோடு கட்டிவிடுவது.

```
Handloom silk weaving: korvai technique, contrast border
interlocked with the body using three shuttles
```

`Handloom`, `silk`, `weaving` மூன்றும் மென்பொருளைச் சரியான வீட்டுக்குக் கொண்டுவரும். `korvai` என்பதை, தெரிந்தவர் தேடினால் நேரடியாகக் கண்டுபிடிப்பார். தெரியாதவருக்கு விளக்கம் இருக்கிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் `korvai`, இன்னோரிடத்தில் `korvi` என்று எழுதினால், ஏற்கெனவே அரிதான சொல்லை இரண்டாக உடைக்கிறீர்கள்.

### அடிக்கடி நடக்கும் தவறுகள்

பட்டியல் பெயர் கிடைத்ததும் பட்டறைப் பெயரை அழித்துவிடுவது முதல் தவறு. அடுத்தது, எல்லாப் பெயர்களையும் காற்புள்ளி போட்டு ஒரே மூட்டையாகக் கட்டுவது. முப்பது திறன்கள் அடுத்தடுத்து நின்றால் எது எதற்குச் சூழல் என்று மென்பொருளுக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது. ஒரு வரிக்கு ஒரு திறன் போதும்.

எழுத்துப்பிழையையும் லேசாக விட வேண்டாம். நீளமான சொல்லில் ஓர் எழுத்து தவறினால் பெரும்பாலான மென்பொருள்கள் பொறுத்துக்கொள்ளும். மூன்றெழுத்துச் சொல்லில் பொறுத்துக்கொள்ளாது. `TIG`-இல் ஓர் எழுத்து மாறினால் வேறு சொல்லாகிவிடும்.

தொழில் பெயரை விட்டுவிட்டுத் திறன்களை மட்டும் எழுதுவதும் வழக்கமாக நடக்கிறது. பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டில் வெல்டர்களும் ஃபிளேம் கட்டர்களும் 7212 என்ற தொகுதியில் வருகிறார்கள். எஸ்கோவும், நம் தேசியத் தொழில் வகைப்பாடு 2015-உம் அந்த நான்கு இலக்க அடித்தளத்தின் மேல்தான் எழுப்பப்பட்டவை. பயோடேட்டாவின் தலைப்பில் `Welder` என்ற சொல் இருந்தால், ஒட்டாமல் போன ஓரிரு திறன்கள் இருந்தாலும் சரியான தொகுதிக்குள்ளாவது இருப்பீர்கள்.

### பாதுகாப்பு

தளம் பரிந்துரைக்கும் திறனை எல்லாம் தொடாதீர்கள். டிக் என்று இட்டதும் மிக், பிளாஸ்மா என்று பக்கத்துத் திறன்களைத் தளம் நீட்டும். அவை உங்களுக்குத் தெரியும் என்று அதற்குத் தெரிந்து நீட்டவில்லை. பட்டியலில் பக்கத்தில் இருப்பதால் நீட்டுகிறது. செய்து காட்டச் சொன்னால் இன்றே செய்து காட்ட முடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். வெல்டருக்கு ஆள் எடுக்கும்போது கையில் டார்ச்சைக் கொடுத்துச் சோதிப்பார்கள் என்பது ஒரு பக்கம். அழுத்தத்தில் ஓடும் நீராவிக் குழாயில் தெரியாத முறையில் போட்ட ஓட்டு பிரிந்தால், பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கு ஆபத்து.

வெள்ளை எழுத்தில் ஒளித்து எழுதாதீர்கள். பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் திறன் பெயர்களை நிரப்பச் சொல்லும் ஆலோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் படியில் செய்ததுபோல நகலெடுத்து ஒட்டினால் அத்தனையும் வெளியே வந்துவிடும். பார்த்தவர் உங்கள் உண்மையான திறனையும் நம்ப மாட்டார்.

சான்றிதழின் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். முறை எண், நிலை, பொருள், செல்லுபடியாகும் தேதி ஆகியவற்றை எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். படத்திலிருந்து அவை பொருத்தப்படும் என்று நம்ப முடியாது. படம் கேட்டால், பாஸ்போர்ட் எண்ணும் ஆதார் எண்ணும் மறைத்த பிரதியைக் கொடுங்கள்.

### ஆள் தேடும் பக்கத்தில் இருப்பவருக்கு

பயிற்சி நிலையமோ ஆள் அனுப்பும் அலுவலகமோ நடத்துகிறீர்கள் என்றால், தவறிப்போகும் பெயர்களைச் சரிசெய்ய வேலை தேடுபவர் ஒவ்வொருவரையும் எதிர்பார்க்க முடியாது. எக்செல்லில் மூன்று நெடுவரிசை போதும்: உள்ளூர்ப் பெயர், பட்டியல் பெயர், எந்தச் சூழலில் மட்டும் இது பொருந்தும். ‘ஆர்கான்’ வரிசையில் மூன்றாவது கட்டத்தில் "குழாய் அல்லது ஸ்டெயின்லெஸ் வேலையோடு வந்தால் டிக், அலுமினியம் வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க" என்று எழுதுங்கள். இந்த மூன்றாவது கட்டம் இல்லாத பட்டியல்தான் தவறான இணைப்புகளைப் பெருக்குகிறது.

உங்கள் மென்பொருளில் எதிலும் ஒட்டாத சொற்களைத் தனியாக எடுத்துக் காட்டும் வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால், வாரம் ஒருமுறை அந்தச் சொற்களைத் தொழில் தெரிந்த ஒருவருடன் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலானவை ஊர்ப் பெயர்களும் நிறுவனப் பெயர்களுமாக இருக்கும், அவற்றை ஒதுக்கிவிடலாம். ஒரே சொல் மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தால் அது திறன் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம், அதை முதலில் எடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், சமீபத்தில் வந்த இருபது பயோடேட்டாக்களைக் கையால் படித்து, மென்பொருள் எடுத்துக்கொடுத்த திறன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் படித்தபோது தெரிந்த திறன் எது பட்டியலில் இல்லையோ, அதுதான் உங்கள் எக்செல்லின் முதல் வரிசை.